படித்த நேரம், மதிப்பெண்: புள்ளிகளின் ஊடே சரியான கோட்டை வரைவது எப்படி?

கேள்வி: எட்டு மாணவர்கள் தேர்வுக்கு எத்தனை மணி நேரம் படித்தார்கள், எவ்வளவு மதிப்பெண் எடுத்தார்கள் என்று கொடுத்து, சிறந்த பொருத்தக் கோடு வரையச் சொல்லியிருக்கிறார்கள். (1, 40), (2, 45), (3, 44), (3, 56), (4, 58), (5, 60), (6, 73), (8, 80). மேலே பாதிப் புள்ளி, கீழே பாதிப் புள்ளி வருகிற மாதிரி வரைந்தால் போதும் என்கிறார்கள். என் கோட்டிலும் நண்பனின் கோட்டிலும் மேலே நான்கு, கீழே நான்கு இருக்கிறது, ஆனால் இரண்டும் வேறு வேறு கோடு. எது சரி? கோடு பூஜ்ஜியத்தில் இருந்துதான் தொடங்க வேண்டுமா?

பதில்:

'மேலே பாதி, கீழே பாதி' என்பதை ஒரு விதி என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். அது கோட்டைச் சும்மா கண்ணால் சரிபார்க்கச் சொல்லித்தரும் குறிப்பு, அவ்வளவுதான். அந்தக் குறிப்பை முழுசாகத் திருப்திப்படுத்திவிட்டு முழுசாகத் தப்பாக இருக்கும் கோடு ஒன்றை உங்கள் வரைபடத்திலேயே வரையலாம்.

மதிப்பெண் 57 என்ற உயரத்தில், படுக்கைவசமாக இடமிருந்து வலம் ஒரு கோடு இழுங்கள். 40, 45, 44, 56 ஆகிய நான்கும் கோட்டுக்குக் கீழே. 58, 60, 73, 80 ஆகிய நான்கும் மேலே. கணக்குப்படி பாதிக்குப் பாதி. ஆனால் இந்தக் கோடு என்ன சொல்கிறது? 1 மணி நேரம் படித்தாலும் 57, 8 மணி நேரம் படித்தாலும் 57. புள்ளிகள் தெளிவாக மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது கோடு தரையில் படுத்துக்கிடக்கிறது. கீழே இருக்கும் நான்கும் இடப்பக்கம், மேலே இருக்கும் நான்கும் வலப்பக்கம் என்று பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். கோட்டின் சாய்வு தப்பு என்பதற்கு இதுதான் அடையாளம். நல்ல கோடாக இருந்தால் இடக்கோடியிலும் சில மேலே சில கீழே, வலக்கோடியிலும் சில மேலே சில கீழே என்று கலந்து கிடக்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் எது சிறந்த கோடு? அதை முடிவுசெய்ய ஓர் அளவு வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோடு வரைக்கும் செங்குத்தாக, அதாவது வரைபடத்தாளின் நிலைக்கோடுகளை ஒட்டி மேலும் கீழுமாக, எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள். கோட்டுக்குச் செங்கோணமாக அளக்கக் கூடாது, இதில் பலர் தடுமாறுவார்கள். நாம் மணி நேரத்தை வைத்து மதிப்பெண்ணை மதிப்பிடுகிறோம். ஆகவே பிழை என்பது மதிப்பெண்ணில் வரும் பிழை. 3 மணி நேரம் படித்தவருக்குக் கோடு 51 என்று சொல்லி, அவர் உண்மையில் 44 எடுத்திருந்தால் பிழை −7. அதே 3 மணி நேரம் படித்து 56 எடுத்தவருக்குப் பிழை +5. இதை எச்சம் என்பார்கள்.

எச்சங்களை எல்லாம் கூட்டி, கூட்டுத்தொகை பூஜ்ஜியம் வந்தால் நல்ல கோடு என்று சொல்லிவிடலாமா? முடியாது. நமது படுத்துக்கிடக்கும் கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எச்சங்கள் −17, −12, −13, −1, +1, +3, +16, +23. கீழே உள்ளவை மொத்தம் −43, மேலே உள்ளவை +43. கூட்டினால் பூஜ்ஜியம்! மேலும் கீழும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் இந்தக் கூட்டுத்தொகை நமக்கு எதையும் சொல்வதில்லை.

அதனால்தான் ஒவ்வொரு எச்சத்தையும் வர்க்கப்படுத்திவிட்டுக் கூட்டுகிறோம். வர்க்கப்படுத்தினால் கழித்தல் குறி காணாமல் போகிறது. பெரிய பிழைக்குப் பெரிய அபராதமும் விழுகிறது. 2 மதிப்பெண் தவறினால் 4, 10 மதிப்பெண் தவறினால் 100. இந்த வர்க்கங்களின் கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவாக வருகிறதோ அதுவே சிறந்த பொருத்தக் கோடு. இந்த வழிக்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் வால்மீன்களின் பாதையைக் கணிப்பது பற்றி 1805-இல் வெளியிட்ட நூலில் இதை எழுதினார். (வர்க்கப்படுத்தாமல், குறியை மட்டும் நீக்கிவிட்டுக் கூட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படியும் ஒரு முறை இருக்கிறது. ஆனால் அதில் சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் 'சிறந்தது' என்று வந்து நிற்கும். கையால் கணக்கிடுவதும் கஷ்டம்.)

படுத்துக்கிடக்கும் கோட்டுக்கு இந்த வர்க்கக் கூட்டுத்தொகை 1398. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இப்போது கையில் பென்சில், ஸ்கேலோடு வரைவதற்கு வருவோம். முதலில் இரண்டு சராசரிகளைக் கண்டுபிடியுங்கள். மணி நேரங்களின் கூடுதல் 32, எட்டால் வகுத்தால் 4. மதிப்பெண்களின் கூடுதல் 456, எட்டால் வகுத்தால் 57. ஆக (4, 57) என்ற சராசரிப் புள்ளியை வரைபடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறியால் குறித்துக்கொள்ளுங்கள். மீச்சிறு வர்க்கக் கோடு எந்தத் தரவாக இருந்தாலும் சராசரிப் புள்ளி வழியாகத்தான் போகும், இது நிரூபிக்கப்பட்ட உண்மை. எனவே கோட்டின் ஒரு புள்ளி இப்போதே நமக்குக் கிடைத்துவிட்டது. இனி தெரிய வேண்டியது சாய்வு மட்டும்.

சாய்வுக்குக் கண்மதிப்பை நம்புவதைவிட ஒரு நல்ல வழி இருக்கிறது. புள்ளிகளை மணி நேர வரிசையில் வைத்து, இடப்பாதி நான்கு, வலப்பாதி நான்கு என்று பிரியுங்கள். இடப்பாதியின் மணி நேரங்கள் 1, 2, 3, 3. சராசரி 2.25. அவர்களின் மதிப்பெண்கள் 40, 45, 44, 56. சராசரி 46.25. வலப்பாதியின் மணி நேரங்கள் 4, 5, 6, 8. சராசரி 5.75. மதிப்பெண்கள் 58, 60, 73, 80. சராசரி 67.75. இப்போது (2.25, 46.25), (5.75, 67.75) ஆகிய இரண்டு புள்ளிகளையும் குறித்து, ஸ்கேலை வைத்து இணைத்து, இரண்டு பக்கமும் நீட்டுங்கள். கோடு நடுவில் (4, 57) வழியாகப் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் எங்கோ கூட்டலில் பிழை. இரண்டு பாதியிலும் சம எண்ணிக்கையில் புள்ளிகள் இருக்கும்வரை சராசரிப் புள்ளி சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழும். இலவசமாகக் கிடைக்கும் சரிபார்ப்பு இது, விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கோட்டின் சாய்வு (67.75 − 46.25) / (5.75 − 2.25), அதாவது 21.5 / 3.5, ஏறத்தாழ 6.14. இது மிகத் துல்லியமான விடை இல்லை, ஆனால் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

துல்லியமான சாய்வுக்கு ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். மணி நேர விலக்கங்கள்: −3, −2, −1, −1, 0, 1, 2, 4. மதிப்பெண் விலக்கங்கள்: −17, −12, −13, −1, 1, 3, 16, 23. இரண்டையும் சோடி சோடியாகப் பெருக்கினால் 51, 24, 13, 1, 0, 3, 32, 92. கூட்டினால் 216. அப்புறம் மணி நேர விலக்கங்களை மட்டும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9 + 4 + 1 + 1 + 0 + 1 + 4 + 16 = 36. சாய்வு = 216 / 36 = 6. கோடு (4, 57) வழியாகப் போக வேண்டும் என்பதால், 4 மணி நேரத்திலிருந்து பூஜ்ஜியத்துக்குப் பின்னால் வந்தால் 57 − 24 = 33. ஆகவே கோட்டின் சமன்பாடு:

```
y = 33 + 6x
```

x என்பது படித்த மணி நேரம், y என்பது கோடு மதிப்பிடும் மதிப்பெண். இதன் எச்சங்கள் வரிசையாக +1, 0, −7, +5, +1, −3, +4, −1. கூட்டினால் பூஜ்ஜியம், வர்க்கப்படுத்திக் கூட்டினால் 102. படுத்துக்கிடந்த கோட்டுக்கு 1398 வந்ததே, இதோடு ஒப்பிடுங்கள். பாதிப் பாதியாகப் பிரித்துக் கையால் வரைந்த கோட்டுக்கு இது ஏறத்தாழ 102.7. வரைபடத்தில் பென்சில் முனையின் தடிமனுக்குள் அடங்கிவிடும் வித்தியாசம்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? சிறந்த கோட்டுக்கு மேலே நான்கு புள்ளிகள், கீழே மூன்று, ஒன்று கோட்டின் மீதே இருக்கிறது. மேலே நான்கு கீழே நான்கு என்ற கணக்கே இங்கு வரவில்லை! எனவே உங்கள் கோடா, நண்பரின் கோடா என்ற வழக்கைத் தீர்க்கப் புள்ளிகளை எண்ணாதீர்கள். இருவருமே தங்கள் கோட்டில் எட்டுப் பேருக்கும் எச்சத்தை அளந்து, வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். யாருடையது 102-க்குப் பக்கத்தில் இருக்கிறதோ அது மேலான கோடு. 102-க்குக் கீழே யாருக்காவது வந்தால் அளந்ததில் தப்பு இருக்கிறது, மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். படிக்காமல் போனால் பூஜ்ஜியம்தானே வரும் என்ற எண்ணத்தில் நிறையப் பேர் ஸ்கேலின் ஒரு முனையை ஆதிப்புள்ளியில் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்து (4, 57) வழியாக இழுத்துப் பாருங்கள். சாய்வு 14.25 வரும். 1 மணி நேரம் படித்தவருக்கு 14 மதிப்பெண் என்று கோடு சொல்லும், அவர் எடுத்திருப்பதோ 40. 8 மணி நேரத்துக்கு 114 என்று சொல்லும். தேர்வே நூற்றுக்குத்தான் என்றால் இது நடக்காத காரியம். இடப்பக்கம் இருக்கும் புள்ளிகள் எல்லாம் கோட்டுக்கு மேலே, வலப்பக்கம் இருப்பவை எல்லாம் கீழே என்று பிரிந்துவிடும். முன்னால் பார்த்த அதே அடையாளம், இந்த முறை தலைகீழாக. வகுப்பில் பாடத்தைக் கேட்டதே ஓரளவு மதிப்பெண் தந்துவிடும். கோடு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் புள்ளிகள்தான் சொல்ல வேண்டும்.

முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்துவிடுவது இன்னொரு பழக்கம். உங்கள் தரவில் அது ஏறக்குறைய சரியாகவே வருகிறது, சாய்வு 40 / 7, அதாவது 5.71. ஆனால் அது அதிர்ஷ்டம். 8 மணி நேரம் படித்தவர் அன்று தூக்கக் கலக்கத்தில் 68 எடுத்திருந்தால் அந்தக் கோட்டின் சாய்வு 28 / 7 = 4 ஆகிவிடும். நடுவில் இருக்கும் ஆறு பேர் என்ன எடுத்தார்கள் என்பதை அந்தக் கோடு கேட்கவே இல்லை.

வரைந்த கோட்டிலிருந்து சாய்வை எடுக்கும்போது மாணவர்கள் அடிக்கடி மதிப்பெண் இழக்கும் இடம் ஒன்று உண்டு. (2, 45), (6, 73) மாதிரி இரண்டு தரவுப் புள்ளிகளை எடுத்துச் சாய்வு காண்பார்கள். விடை 28 / 4 = 7 என்று வரும், நம் கோட்டின் சாய்வோ 6. காரணம், (6, 73) கோட்டின் மீதே இல்லை, 4 மதிப்பெண் மேலே இருக்கிறது. கோட்டின் மீது இருக்கும் இரண்டு இடங்களைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் முடிந்தவரை தள்ளித் தள்ளி. x = 0 இல் 33, x = 8 இல் 81. வித்தியாசம் 48, எட்டால் வகுத்தால் 6. பக்கத்துப் பக்கத்து இடங்களை எடுத்தால் அரை மதிப்பெண் தப்பாகப் படித்தாலும் சாய்வு நிறைய மாறிவிடும். கிடை அச்சை 1 மணி நேரத்திலிருந்து தொடங்கியிருந்தால், கோடு இடது ஓரத்தை வெட்டும் இடம் வெட்டுத்துண்டு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே நீங்கள் படிப்பது 39, வேண்டியது 33.

சாய்வு 6 என்றால் என்ன என்று எழுதச் சொன்னால், 'ஒரு மணி நேரம் கூடுதலாகப் படித்தவர்கள் சராசரியாக 6 மதிப்பெண் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள்' என்று எழுதுங்கள். 'ஒரு மணி நேரம் கூடப் படித்தால் எனக்கு 6 மதிப்பெண் கூடும்' என்று எழுதாதீர்கள். பாடத்தில் ஏற்கெனவே ஆர்வம் இருப்பவர்தான் அதிக நேரம் படிப்பார், அவர் மதிப்பெண்ணும் அதனாலேயே கூடியிருக்கலாம். எட்டுப் புள்ளிகளால் அதைப் பிரித்துக் காட்ட முடியாது.

கோட்டை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதற்கும் எல்லை உண்டு. நம்மிடம் இருப்பது 1 முதல் 8 மணி நேரம் வரை. 7 மணி நேரத்துக்கு 75 என்று மதிப்பிடுவதில் தவறில்லை. 12 மணி நேரத்துக்கு 33 + 72 = 105 என்று வரும். நூற்றுக்கு நூற்றைந்து! உண்மையில் எங்கோ அந்த ஏற்றம் மட்டுப்பட்டு வளையும், ஆனால் எங்கே வளையும் என்பது நம் தரவில் இல்லை. 33 என்ற வெட்டுத்துண்டும் அப்படித்தான். படிக்காமலே வந்தவர் யாரும் நம் பட்டியலில் இல்லை, அது கோட்டைப் பின்னால் நீட்டிப் பெற்ற எண் மட்டுமே.

கடைசியாக, உங்கள் கேள்வியில் இல்லை என்றாலும் ஆசிரியர் அடுத்துக் கேட்கக்கூடிய ஒன்று: விலகி நிற்கும் புள்ளி. ஒன்பதாவதாக ஒரு மாணவர், 7 மணி நேரம் படித்தும் 30 தான் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். நம் கோடு அவருக்கு 75 சொல்கிறது, எச்சம் −45. அவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் சாய்வு 6-லிருந்து ஏறத்தாழ 3.3-க்கு இறங்கிவிடுகிறது, கிட்டத்தட்ட பாதி! வெட்டுத்துண்டு 33-லிருந்து சுமார் 40-க்கு ஏறுகிறது. ஒரே ஒரு ஆள், மற்ற எட்டுப் பேரின் கதையை மாற்றிவிடுகிறார்.

அதே −45 எச்சம் நடுவில் வந்திருந்தால்? அதாவது 4 மணி நேரம் படித்து 12 மதிப்பெண் எடுத்திருந்தால், சாய்வு 6 என்றே இருக்கும், துளியும் மாறாது. கோடு மொத்தமாக 5 மதிப்பெண் கீழே இறங்கி y = 28 + 6x ஆகும், அவ்வளவுதான். ஏற்றப்பலகையின் நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் பலகை சாயாது, நுனியில் உட்கார்ந்தால்தான் சாயும். இங்கே பலகையின் நடு என்பது சராசரி மணி நேரமான 4. அதனால் விலகிய புள்ளி ஒன்றைப் பார்த்ததும், அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதோடு சராசரியிலிருந்து எவ்வளவு பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது என்பதையும் பாருங்கள்.

அதற்காக அந்த 30-ஐ அழித்துவிடலாமா? கோட்டுக்குப் பொருந்தவில்லை என்பது மட்டும் அழிப்பதற்குக் காரணம் ஆகாது. முதலில் எண்ணைச் சரியாக எழுதினோமா என்று பாருங்கள், 80 என்பதை 30 என்று எழுதிவிடுவது சகஜம். அந்த மாணவர் உடம்பு சரியில்லாமல் பாதித் தேர்வில் எழுந்து போனார் என்று தெரிந்தால், அதைக் குறிப்பிட்டுவிட்டு விலக்கலாம். எந்தக் காரணமும் தெரியவில்லை என்றால் அவரைச் சேர்த்து ஒரு கோடு, சேர்க்காமல் ஒரு கோடு என இரண்டையும் வரைந்து, இரண்டு சாய்வுகளையும் எழுதிவையுங்கள்.

கணினியில் விரிதாள் இருந்தால் விடையைச் சரிபார்க்கலாம். மணி நேரங்களை A2 முதல் A9 வரை, மதிப்பெண்களை B2 முதல் B9 வரை இட்டுவிட்டு இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

```
=SLOPE(B2:B9,A2:A9)
=INTERCEPT(B2:B9,A2:A9)
```

6, 33 என்று வர வேண்டும். இரண்டிலும் மதிப்பெண் நெடுவரிசை முதலில், மணி நேரம் இரண்டாவதாக வருகிறது. முதல் வரியில் மாற்றிக் கொடுத்தால் 0.1545 என்று ஓர் எண் வரும். அது மதிப்பெண்ணை வைத்து மணி நேரத்தை மதிப்பிடும் வேறொரு கோட்டின் சாய்வு. 1-ஐ 0.1545-ஆல் வகுத்தால் 6 வராது, 6.47 வரும். காரணம், அந்தக் கோடு எச்சங்களை மேலும் கீழுமாக அளக்காமல் பக்கவாட்டில் அளக்கிறது. 'இந்த மதிப்பெண் எடுத்தவர் எத்தனை மணி நேரம் படித்திருப்பார்' என்று வினாத்தாளில் கேட்டிருந்தால், எந்தக் கோட்டை வைத்துச் சொல்லச் சொல்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள். பள்ளி வினாக்களில் பெரும்பாலும் நீங்கள் வரைந்த கோட்டையேதான் படிக்கச் சொல்வார்கள்.